கணையத்தில் ஒரு நீர்க்கட்டி: அளவு மட்டும் பதில் சொல்லாது

சிறுநீரகக் கல்லுக்கு நன்றி சொல்லும் ஆள் இந்த மார்சிலிங் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மார்ச் மாத நள்ளிரவில், இடுப்பின் வலப்பக்கம் கத்தியால் குத்துவதுபோல் வலித்தது. மனைவி டாக்சி பிடித்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். சிடி ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்க் குழாயில் நான்கு மில்லிமீட்டர் கல். நிறைய தண்ணீர் குடியுங்கள், தானாக இறங்கிவிடும் என்றார்கள். அப்படியே மூன்றாம் நாள் இறங்கியும் விட்டது.

ஆனால் ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியில் வேறொன்று இருந்தது. கணையத்தின் தலைப்பகுதியில் 26 மில்லிமீட்டர் நீர்க்கட்டி, மேற்கொண்டு ஆராயவும். அப்போது எனக்கு வயது 52.

அந்த ஒரு வரி வீட்டைப் புரட்டிப் போட்டது. கணையம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஆட்களுக்கு நினைவு வருவது ஒன்றுதான். வெளியூரில் இருக்கும் மனைவியின் அண்ணன் தொலைபேசியில் சொன்னார்: "மாப்ள, யோசிக்கவே வேணாம். வெட்டி எடுத்துப் போட்டுடச் சொல்லுங்க. உள்ள வச்சுக்கிட்டு எதுக்கு?" என் தங்கை இதற்கு நேர்மாறு: "அண்ணே, கத்தி வச்சாத்தான் பரவும். தொடவே விடாதீங்க." பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் இரவெல்லாம் கைபேசியைப் பார்த்துவிட்டுக் காலையில் கண் சிவந்து எழுந்து வந்தாள்.

மூவரும் அன்பினால் சொன்னார்கள். மூவருமே தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நானும் அதையேதான் கேட்டேன்: "டாக்டர், 26 மில்லிமீட்டர் என்பது பெரிய கட்டியா, சின்னக் கட்டியா?"

வாய்க்காலும் கிளை வாய்க்காலும்

சிறப்பு மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்தார். கணையம் வயிற்றுக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் ஓர் உறுப்பு. அதன் தலை முன்சிறுகுடலின் வளைவுக்குள்ளும், வால் மண்ணீரலை ஒட்டியும் இருக்கும். நடுவே ஒரு முதன்மைக் குழாய் ஓடுகிறது. செரிமான நீர் அதன் வழியே குடலுக்குப் போகிறது. இரு பக்கமும் சிறு சிறு கிளைக் குழாய்கள் வந்து அதில் சேர்கின்றன. தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்களை எனக்குச் சிறு வயதில் தெரியும். பெரிய வாய்க்காலும் அதில் வந்து சேரும் கிளை வாய்க்கால்களும் என்று மனத்தில் பதிந்துகொண்டேன்.

கணையத்தில் வரும் நீர்க்கட்டிகள் பல வகை. கணைய அழற்சி வந்து போனபின் தேங்கும் நீர் ஒரு வகை. அது புற்றுநோய் ஆவதில்லை. தேன்கூடு போல் நுண்ணறைகள் கொண்டு, தெளிந்த நீர் நிறைந்த கட்டி இன்னொரு வகை. அதுவும் பெரும்பாலும் சாது. மூன்றாவது, நடுத்தர வயதுப் பெண்களுக்கே பெரும்பாலும் வருவது. கணையத்தின் உடலிலோ வாலிலோ தனியாக, குழாயோடு தொடர்பில்லாமல் இருக்கும், உள்ளே கெட்டிச் சளி இருக்கும். நான்காவதும் சளி வகைதான். ஆனால் அது குழாயின் உள்சுவரிலேயே முளைக்கிறது. சுரக்கும் சளி தேங்கிக் குழாய் பலூன்போல் உப்புகிறது. அதைத்தான் மருத்துவர்கள் சுருக்கமாக ஐபிஎம்என் என்கிறார்கள். 1982இல் ஜப்பானில் ஒஹாஷியும் அவருடைய சகாக்களும் இதை எழுதிவைத்த பிறகே உலகம் இதைத் தனி நோயாக அறிந்தது.

சளி சுரக்கும் இந்த இரண்டு வகைகளுக்கும் மட்டும்தான் காலப்போக்கில் புற்றுநோயாக மாறும் இயல்பு உண்டு. எல்லாம் மாறுவதில்லை, பெரும்பாலானவை மாறாமலேயே இருந்துவிடும். அதனால் முதல் வேலை, எது எந்த வகை என்று பிரிப்பது. சிடி ஸ்கேன் இதற்குப் போதாது. பித்தநாளத்தையும் கணையக் குழாயையும் தெளிவாகக் காட்டும் எம்ஆர்ஐ தேவை.

மூன்று வாரம் கழித்து எனக்கு அந்த எம்ஆர்ஐ எடுத்தார்கள். கட்டி திராட்சைக் கொத்துபோல் இருந்தது. ஒரு சிறு காம்பு வழியே முதன்மைக் குழாயோடு தொடர்பு இருப்பது படத்தில் தெரிந்தது. ஆக, கிளைக் குழாயில் வந்த ஐபிஎம்என். அளவு 22 மில்லிமீட்டர்.

"நாலு மில்லிமீட்டர் குறைஞ்சிருச்சுங்க!" என்று மனைவி மகிழ்ந்தார். மருத்துவர் தலையாட்டி மறுத்தார். குறையவில்லை, அளந்த கருவி வேறு, அளந்த கோணம் வேறு என்றார். கல்லுக்காக எடுத்த சிடியில் மருந்து ஏற்றவில்லை, அதனால் கட்டியின் விளிம்பே சரியாகத் தெரியாது. ஒரு கருவியில் எடுத்த அளவை இன்னொன்றில் எடுத்ததோடு ஒப்பிட்டால், வளராத கட்டி வளர்ந்ததாகவும், வளர்ந்தது சுருங்கியதாகவும் தெரியும். எம்ஆர்ஐயை எம்ஆர்ஐயோடுதான் ஒப்பிட வேண்டும். அன்றிலிருந்து என் ஸ்கேன்களை எல்லாம் ஒரே மருத்துவமனையில் எடுக்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

பிறகு என் கேள்விக்கு வந்தார். பெரியதா சிறியதா என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்றார். முதலில் கேட்க வேண்டியவை மூன்று.

ஒன்று, முதன்மைக் குழாய் எவ்வளவு அகலம்? அது 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விரிந்திருந்தால், நோய் கிளையில் இல்லை, பெரிய வாய்க்காலிலேயே இருக்கிறது என்று பொருள். அப்போது உடல் தாங்குமானால் அறுவை சிகிச்சையைத்தான் பரிந்துரைப்பார்கள். 5 முதல் 9 மில்லிமீட்டர் என்றால் கவலைக்குரிய அறிகுறி. மேலும் ஆராய வேண்டும். எனக்கு 3 மில்லிமீட்டர்.

இரண்டு, கட்டிக்குள் திடமான முளை ஏதாவது இருக்கிறதா? நீர்க்கட்டி என்றால் உள்ளே நீரோ சளியோதான் இருக்க வேண்டும். சுவரிலிருந்து ஒரு முளை எழுந்து, நரம்பில் ஏற்றிய மருந்தை உறிஞ்சிப் படத்தில் பளிச்சென்று தெரிந்தால், அதற்கு இரத்த ஓட்டம் இருக்கிறது, அது உயிருள்ள திசு என்று அர்த்தம். அந்த முளை 5 மில்லிமீட்டரைத் தொட்டாலே அறுவை சிகிச்சைக்கான வலுவான காரணம் ஆகிவிடும். அதற்குக் குறைவாக இருந்தால் கவலைக்குரிய அறிகுறி. எனக்கு இல்லை.

மூன்று, கட்டி ஏதாவது தொல்லை கொடுக்கிறதா? தலைப்பகுதிக் கட்டி பித்தநாளத்தை அழுத்தினால் கண்ணும் தோலும் மஞ்சளாகும். அது நேராக அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டிய நிலை. சளி குழாயை அடைத்தால் கணைய அழற்சி வரலாம். கடந்த ஓராண்டுக்குள் புதிதாக நீரிழிவு வந்திருந்தாலோ, கட்டுக்குள் இருந்த நீரிழிவு திடீரென்று கைமீறினாலோ அதையும் கணக்கில் எடுக்கிறார்கள். இந்தக் கடைசி விஷயம் நம் சமூகத்துக்கு முக்கியம். சர்க்கரை ஏறினால் தீபாவளிப் பலகாரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் மறந்துவிடுகிறோம்.

இந்த மூன்றுக்கும் பிறகுதான் அளவு. 30 மில்லிமீட்டரை எட்டினால் அது ஒரு கவலைக்குரிய அறிகுறி. ஆனால் அளவு மட்டும் அவ்வளவு இருந்து, மற்ற எல்லாம் சரியாக இருந்தால், அதற்காக மட்டும் வெட்டுவதில்லை.

இந்த வரையறைகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஜப்பானின் சென்டாய் நகரின் பெயரால் அறியப்படும் 2006ஆம் ஆண்டு நெறிமுறைதான் முதலாவது. அதில் 30 மில்லிமீட்டரைத் தாண்டினாலே அறுவை என்ற நிலை இருந்தது. அப்படி வெட்டி எடுத்த பல கட்டிகள் பரிசோதனையில் சாதுவாக இருந்தன. தேவையற்ற அறுவையைக் குறைக்க 2012இல் ஃபுக்குவோக்கா நெறிமுறை வந்தது. அளவு, 'வெட்டு' என்ற பட்டியலிலிருந்து 'கவனி' என்ற பட்டியலுக்கு இறங்கியது. 2017இல் திருத்தினார்கள். 2024இல் வெளியான கியோட்டோ நெறிமுறைதான் இப்போது பெரும்பாலும் கையில் இருப்பது. இந்த நெறிமுறைகள் நடைமுறையில் எவ்வளவு சரியாகக் கணிக்கின்றன என்று, அறுவை செய்துகொண்ட நோயாளிகளின் பதிவுகளை வைத்து ஆராய்ந்தவர்களில் நம் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பிரையன் கோவும் ஒருவர்.

காப்பிக்கடை அண்ணன்

அளவு எவ்வளவு ஏமாற்றும் என்பதை எனக்குக் காட்டியவர் எங்கள் புளோக்கின் கீழே காப்பி குடிக்கும் ஓர் அண்ணன். வயது 58. என் கதையைக் கேட்டுவிட்டு, "எனக்கும் அதே வியாதிதான் தம்பி, போன வருஷம் வெட்டி எடுத்துட்டாங்க" என்றார். "உங்களுக்கு எவ்வளவு பெரிசுண்ணே?" என்று கேட்டேன். "16 மில்லிமீட்டர்."

என்னைத் தூக்கிவாரிப் போட்டது. என்னுடையதைவிடச் சிறியது. அவரை வெட்டினார்கள், என்னை ஏன் விட்டுவைத்தார்கள்?

அவருடைய பழைய அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். இப்போது எனக்கு அதைப் படிக்கத் தெரிந்தது. கட்டி 16 மில்லிமீட்டர்தான். ஆனால் உடலிலும் வாலிலும் முதன்மைக் குழாய் 11 மில்லிமீட்டர் விரிந்திருந்தது. அவரைத் தேடி வந்தது கட்டியின் அளவு அல்ல, வாய்க்காலின் அகலம். கணையத்தின் உடலையும் வாலையும் மண்ணீரலோடு சேர்த்து எடுத்தார்கள். மண்ணீரல் போனால் சில கிருமிகள் உடலை எளிதில் வீழ்த்திவிடும் என்பதால் அறுவைக்கு முன்பே தடுப்பூசிகள் போட்டார்கள். எடுத்ததைப் பரிசோதித்தபோது செல்கள் முற்றிய நிலையில் மாறியிருந்தன. ஆனால் சுவரைத் தாண்டிப் பரவவில்லை. புற்றுநோய் ஆவதற்கு ஒரு படி முன்னால் பிடித்துவிட்டார்கள்.

அவர் இன்று இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கணையத்தில் பாதிக்கு மேல் போனதன் விலை அது. "போட்டுக்கிட்டா என்ன தம்பி, உயிரோட இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு, சீனி போடாத காப்பியை உறிஞ்சினார்.

அன்று நான் இணையத்தில் படித்து பயந்த ஒரு புள்ளிவிவரமும் விளங்கியது. முதன்மைக் குழாய் வகையில் ஏறக்குறைய 60 விழுக்காடும், கிளை வகையில் 25 விழுக்காடும் புற்றுத்தன்மை கொண்டவை என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அது வெட்டி எடுத்தவற்றில் கணக்கிட்டது. சந்தேகம் வந்தவர்களைத்தான் வெட்டுகிறார்கள். என்னைப்போல் வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்து, எந்த அறிகுறியும் இல்லாமல் தற்செயலாகக் கட்டி தெரிந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அவர்களுக்கு ஆபத்து அதைவிட மிகவும் குறைவு.

27 மில்லிமீட்டர்

20 முதல் 30 மில்லிமீட்டர் வரையுள்ள, வேறு அறிகுறி இல்லாத கட்டிக்குக் கியோட்டோ நெறிமுறை சொல்லும் கண்காணிப்பு: ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை, மாற்றம் இல்லையென்றால் ஆண்டுக்கு ஒரு முறை. 20 மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால் ஆறாம் மாதம் ஒரு முறை, பிறகு 18 மாதங்களுக்கு ஒரு முறை.

ஆறாம் மாதம் 22. பன்னிரண்டாம் மாதம் 23. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் அளக்கும் கையைப் பொறுத்தது, பொருட்படுத்த வேண்டாம் என்றார் மருத்துவர். நான் ஏறக்குறைய மறந்தே போனேன். மாலையில் உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரன்ட் வரை நடப்பேன், ஜொகூர்ப் பக்கத்து விளக்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். வாழ்க்கை வழக்கம்போல் போனது.

இரண்டாம் ஆண்டு ஸ்கேனில் 27. உள்ளே 4 மில்லிமீட்டர் அளவில் ஏதோ ஒன்று.

ஆண்டுக்கு 2.5 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்தால் அது கவலைக்குரிய அறிகுறி. எனக்கு 4 வளர்ந்திருந்தது. உள்ளே தெரிந்தது நிஜமான முளை என்றால் இரண்டு அறிகுறிகள். ஒன்றைவிட இரண்டு, இரண்டைவிட மூன்று என்று அறிகுறிகள் சேரச் சேர ஆபத்து கூடும்.

அன்று மருத்துவமனையிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வரும்போது மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. மார்சிலிங் நிலையத்தில் இறங்கிப் படியில் நடக்கும்போதுதான் கேட்டார்: "என்னங்க, அண்ணன் அன்னைக்கே சொன்ன மாதிரி எடுத்திருக்கலாமோ?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த படி, எண்டோஸ்கோப்பி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட். மயக்கம் கொடுத்து, நுனியில் ஒலிக்கருவி பொருத்திய குழாயை வாய் வழியே வயிற்றுக்குள்ளும் முன்சிறுகுடலுக்குள்ளும் இறக்குகிறார்கள். கணையம் அங்கிருந்து சில மில்லிமீட்டர் தொலைவுதான். வெளியிலிருந்து எடுக்கும் எந்தப் படத்தையும்விட உள்ளிருப்பது தெளிவாகத் தெரியும்.

அங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த 4 மில்லிமீட்டர் பொருள் முளையா, கெட்டிச் சளியா? இரண்டும் எம்ஆர்ஐயில் ஒன்றுபோல் தெரியக்கூடும். இந்த இடத்தில் நடக்கும் தவறினால் சாதுவான கட்டியையும் வெட்டிவிடலாம். சளி உருண்டை என்றால் விளிம்பு வழவழப்பாக, வெள்ளை வளையம்போல் இருக்கும், நடுப்பகுதி கறுப்பாக இருக்கும். நோயாளியைப் புரட்டினால் இடம் மாறும். நரம்பில் மருந்து ஏற்றினாலும் பளிச்சிடாது, ஏனென்றால் சளிக்கு இரத்த ஓட்டம் இல்லை. முளை சுவரில் ஒட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும், மருந்தை ஏற்கும்.

என்னுடையது நகர்ந்தது. பளிச்சிடவில்லை. சளி.

கூடவே ஒரு மெல்லிய ஊசியால் கட்டியின் நீரை எடுத்தார்கள். அதில் சிஇஏ என்ற புரதம் 410 என்று வந்தது. மகள் அறிக்கையைப் பார்த்து, "அப்பா, 192தான் வரம்பாம், உங்களுக்கு இரண்டு மடங்குக்கு மேலே இருக்கு" என்று பதறினாள். இதுவும் பலரும் தடுக்கி விழும் இடம். கட்டி நீரில் சிஇஏ 192ஐத் தாண்டினால் அது சளி வகைக் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று பொருள். அது புற்றுநோயா என்பதை அந்த எண் சொல்லாது. எனக்குச் சளி வகை என்பது முன்பே தெரியும். அந்த எண் புதிதாக எதையும் சொல்லவில்லை. முக்கியமான பதில் நுண்ணோக்கிப் பரிசோதனையில் இருந்தது: சந்தேகத்துக்குரிய செல்கள் இல்லை. இரத்தத்தில் சிஏ 19-9 என்ற குறியீடு 14, வரம்பு 37. மூன்று மாதச் சர்க்கரை அளவு 5.8.

இரண்டு பக்கமும் உள்ள ஆபத்து

மீதமிருந்தது ஒரே ஒரு கவலைக்குரிய அறிகுறி, வளர்ச்சி. அறுவை மருத்துவர் இரண்டு வழிகளையும் மேசை மேல் வைத்தார். எதையும் மறைக்கவில்லை.

எனக்குக் கட்டி இருப்பது தலைப்பகுதியில். எடுத்தால் கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி எல்லாம் சேர்ந்து போகும். மிஞ்சியவற்றைக் குடலோடு மூன்று இடங்களில் இணைக்க வேண்டும். விப்பிள் அறுவை என்பார்கள். அனுபவமுள்ள மருத்துவமனைகளில் நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை உயிரிழக்க நேரிடுகிறது. மூன்றில் ஒருவருக்கு மேல் ஏதாவது சிக்கல் வருகிறது. அதில் முக்கியமானது கணையத்தை இணைத்த இடத்தில் கசிவு. ஆண்டுக்கு நிறைய விப்பிள் செய்யும் இடத்தில்தான் இதைச் செய்துகொள்ள வேண்டும் என்பது இதனால்தான். பிறகு சிலருக்கு நீரிழிவு வரும். பலருக்குச் சாப்பாட்டோடு செரிமான நொதி மாத்திரை தேவைப்படும். அந்த மாத்திரை பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. சைவக்காரர்களும் முஸ்லிம் அன்பர்களும் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்வது நல்லது.

கண்காணிப்பிலும் ஆபத்து உண்டு. இரண்டு ஸ்கேன்களுக்கு இடையிலேயே கட்டி மாறிவிடலாம். இன்னொன்றும் சொன்னார்: ஐபிஎம்என் உள்ளவரின் கணையத்தில், கட்டி இல்லாத வேறோர் இடத்தில்கூடப் புற்றுநோய் தோன்றலாம். அதனால் ஒவ்வொரு ஸ்கேனிலும் கட்டியை மட்டும் அளக்காமல் முழுக் கணையத்தையும் பார்க்க வேண்டும். கட்டியில் மாற்றமில்லை என்ற ஒரு வரியோடு அறிக்கை முடிந்தால், மற்ற இடங்களும் சரியா என்று கேட்க வேண்டும்.

நடுத்தர வயதுக்காரருக்குத்தான் இந்தத் தராசு அதிகம் ஆடுகிறது. எண்பது வயதில் தற்செயலாகத் தெரிந்த சிறு கட்டியை விட்டுவிடலாம். அது மாறுவதற்குள் காலம் போய்விடும். எனக்கு இன்னும் 30 ஆண்டுகள் இருக்கலாம். 30 ஆண்டுகள் ஸ்கேன் எடுப்பது ஒரு சுமை, கட்டி மாறுவதற்கும் அவ்வளவு காலம் கிடைக்கிறது. அதே சமயம் பெரிய அறுவையைத் தாங்கும் உடம்பும் இந்த வயதில்தான் இருக்கிறது. கட்டி வாலில் இருந்திருந்தால், துளை வழியே செய்யும் சற்று எளிதான அறுவையாக இருந்திருக்கும். முடிவு வேறாகவும் இருந்திருக்கலாம் என்று அவரே சொன்னார். என் பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது கணையப் புற்றுநோய் இருந்ததா என்றும் கேட்டார். இருந்திருந்தால் தராசு அறுவைப் பக்கம் சாய்ந்திருக்கும். இல்லை.

அறுவை மருத்துவர், குடல் மருத்துவர், கதிர்ப்பட மருத்துவர் எல்லோரும் சேர்ந்து உட்காரும் கூட்டத்தில் என் படங்களை வைத்துப் பேசினார்கள். முடிவு: இப்போது வெட்ட வேண்டாம், ஆனால் இனி ஆண்டுக்கு ஒரு முறை அல்ல, ஆறு மாதத்துக்கு ஒரு முறை. எந்த நிலையில் மனத்தை மாற்றிக்கொள்வோம் என்பதையும் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். உண்மையான முளை தோன்றினால், முதன்மைக் குழாய் 5 மில்லிமீட்டரைத் தொட்டால், கணைய அழற்சியோ மஞ்சள் காமாலையோ வந்தால், வளர்ச்சி இதே வேகத்தில் தொடர்ந்தால் மறுபடி கூடிப் பேசுவது. அந்தத் தாள் எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டியிருக்கிறது.

சென்ற மாதம் ஆறாம் மாத ஸ்கேன் முடிந்தது. 27. முதன்மைக் குழாய் 3. முளை இல்லை. மற்ற இடங்கள் சுத்தம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு வரி அறிக்கையில் வந்தால், எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எந்த வகைக் கட்டி, முதன்மைக் குழாயோடு தொடர்பு உண்டா, அந்தக் குழாயின் அகலம் என்ன, உள்ளே மருந்தை ஏற்கும் முளை உண்டா, சென்ற முறை இதே கருவியில் எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். கண் மஞ்சளானால், சிறுநீர் தேநீர் நிறத்திலும் மலம் வெளுத்தும் போனால், மேல்வயிற்று வலி முதுகு வரை பாய்ந்தால் அடுத்த சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அறிக்கையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று மேசை இழுப்பறையில் போட்டுவிடுவதும் தவறுதான். கண்காணிப்பு என்பது நாள் குறித்துச் செய்யும் சிகிச்சை.

மச்சான் போன வாரம் பேசினார். "என்ன மாப்ள, அது இன்னும் உள்ளதான் இருக்கா?" என்றார்.

"இருக்கு மச்சான்" என்றேன். "இப்போதைக்கு அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன். அடுத்த ஸ்கேன் மார்ச்சில்."